ஒரே அரசர், பல ஆட்சிக் காலங்கள்: நூலுக்கு நூல் கணக்கு மாறுவது ஏன்?

முகலாயப் பேரரசர் ஹுமாயூன் எத்தனை ஆண்டுகள் ஆண்டார் என்ற கேள்விக்கு 10, 11, 25, 26 என்று நான்கு விடைகள் கிடைக்கக்கூடும். இவற்றில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. நான்கும் ஒரே தேதிகளிலிருந்து பிறந்தவை. ஆட்சி எப்போது தொடங்கியது, இடையில் நின்றுபோனதா, நின்ற காலத்தையும் சேர்க்க வேண்டுமா, ஆண்டுகளை எப்படி எண்ணுவது என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு நூலாசிரியரும் தரும் விடை வேறாக இருப்பதால்தான் முடிவில் வரும் எண்ணும் வேறாகிறது. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முகலாயப் பேரரசர்களின் வரலாறு மிகவும் உதவும். அவர்களுடைய அரசவையில் எல்லாவற்றுக்கும் தேதி எழுதிவைத்தார்கள். ஆகவே வேறுபாடு தகவல் குறைவால் வருவதில்லை, எண்ணும் முறையால் வருகிறது என்பது அங்கே தெளிவாகத் தெரிகிறது.

ஹுமாயூன்: இடைவெளியை என்ன செய்வது?

பாபர் 1530 டிசம்பர் 26 அன்று ஆக்ராவில் இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய மூத்த மகன் ஹுமாயூன் அரியணை ஏறினார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1539 ஜூனில், கங்கைக்கரையில் உள்ள சௌசா என்ற இடத்தில் ஆப்கானியத் தலைவர் ஷேர் கானிடம் தோற்றார். வெற்றி பெற்ற ஷேர் கான் ஷேர் ஷா என்று பட்டம் சூட்டிக்கொண்டார். 1540 மே 17 அன்று கன்னோசிக்கு அருகில் நடந்த இரண்டாவது போரிலும் ஹுமாயூன் தோற்றார். ஆக்ராவும் டெல்லியும் கைவிட்டுப் போயின. லாகூர், சிந்து என்று அலைந்தார். 1542இல் உமர்கோட்டில் மகன் அக்பர் பிறந்தபோது அவரிடம் நாடு ஏதும் இல்லை. பின்னர் பாரசீகம் சென்று ஷா தஹ்மாஸ்பின் உதவியைப் பெற்றார். அந்தப் படையுடன் திரும்பி 1545இல் காந்தகாரையும், அதே ஆண்டு நவம்பரில் காபூலையும் பிடித்தார். 1555 ஜூனில் சிர்ஹிந்தில் சூர் மரபினரைத் தோற்கடித்து, ஜூலை 23 அன்று டெல்லிக்குள் நுழைந்தார். 1556 ஜனவரியில் நூலகப் படிகளில் விழுந்து, சில நாட்களில் இறந்தார்.

இனி இதே தேதிகளை வைத்துக் கணக்குப் போடலாம். அரியணை ஏறிய 1530 டிசம்பர் முதல் இறந்த 1556 ஜனவரி வரை எண்ணினால் 25 ஆண்டுகளும் ஏறத்தாழ ஒரு மாதமும் வரும். நாள், மாதம் பார்க்காமல் 1556இலிருந்து 1530ஐக் கழிப்பவருக்கு 26 கிடைக்கும். டிசம்பரின் கடைசி நாட்களில் தொடங்கி ஜனவரியில் முடிந்த ஆட்சி என்பதால், வெறும் ஆண்டுக் கழித்தல் இங்கே ஏறக்குறைய ஓர் ஆண்டை வீணாகக் கூட்டிவிடுகிறது.

டெல்லியும் ஆக்ராவும் கையில் இருந்த காலம் மட்டுமே ஆட்சி என்று கொள்பவர் இரண்டு பகுதிகளாக எண்ணுகிறார். முதல் பகுதி 1530 டிசம்பர் முதல் 1540 மே வரை, அதாவது 9 ஆண்டுகளும் நாலரை மாதமும். இரண்டாவது பகுதி 1555 ஜூலை முதல் 1556 ஜனவரி வரை, அதாவது ஆறு மாதம். கூட்டினால் 10 ஆண்டுகளுக்குச் சில வாரங்கள் குறையும். இதையே ஆண்டுக் கழித்தலாகச் செய்தால் 1530–40 பத்து, 1555–56 ஒன்று என மொத்தம் 11 ஆகிவிடும். ஆறே மாதம் நடந்த இரண்டாவது ஆட்சி ஒரு முழு ஆண்டாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

இவை தவிர ஐந்தாவது கணக்கும் உண்டு. பேசுபவர்கள் குறைவு என்றாலும் அதற்கும் நியாயம் இருக்கிறது. 1545 நவம்பரில் காபூலைப் பிடித்த பிறகு ஹுமாயூன் நாடற்றவர் அல்லர். தம்பி கம்ரான் காபூலை இடையிடையே பறித்துக்கொண்டாலும், அந்தப் பகுதியின் அரசராக அவர் ஆட்சி நடத்தினார். பாபரும் இந்தியாவுக்கு வருவதற்கு முன் காபூலின் அரசராகவே இருந்தார். ஆகவே காபூல் ஆண்டுகளையும் சேர்த்தால் ஆட்சிக்காலம் ஏறத்தாழ பத்தொன்பதரை ஆண்டுகள் ஆகும். இந்தியாவின் வரலாற்றை எழுதும் நூலுக்கு 15 ஆண்டு இடைவெளி தெரிகிறது. முகலாய மரபின் வரலாற்றை எழுதும் நூலுக்கு 5 ஆண்டு இடைவெளிதான் தெரிகிறது. இடைவெளி எவ்வளவு என்பது, எந்த நாட்டின் ஆட்சியைப் பற்றி நூல் பேசுகிறது என்பதைப் பொறுத்தது.

இடைவெளியின் தொடக்க நாளும் எல்லா நூல்களிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஷேர் ஷா பட்டம் சூட்டிக்கொண்ட 1539ஐ ஹுமாயூன் ஆட்சியின் முடிவாகச் சிலர் கொள்கிறார்கள். தலைநகரம் கைமாறிய 1540ஐ மற்றவர்கள் கொள்கிறார்கள். ஷேர் ஷாவின் ஆட்சியை 1539–45 என்றும் 1540–45 என்றும் இரண்டு விதமாகக் காண்பது இதனால்தான். சௌசாவுக்கும் கன்னோசிக்கும் இடைப்பட்ட பதினோரு மாதங்களில் ஆக்ராவில் ஹுமாயூன் பேரரசராக இருந்தார். கிழக்கே ஷேர் ஷாவும் அரசராக இருந்தார். அந்த மாதங்களை இருவர் கணக்கிலும் எழுதலாம். ஆனால் இருவர் கணக்கிலும் எழுதிவிட்டு, பிறகு இரண்டையும் கூட்டினால் மொத்தம் தவறாகிவிடும்.

சட்டம் இடைவெளியை மறைத்த நாடு

இங்கிலாந்தின் இரண்டாம் சார்லஸ் கதையிலும் இதே போன்ற இடைவெளி உண்டு. ஆனால் அங்கே கணக்கை நாடே முடிவுசெய்தது. அவருடைய தந்தை முதலாம் சார்லஸ் 1649 ஜனவரி 30 அன்று தலை வெட்டப்பட்டு இறந்தார். முடியாட்சி ஒழிக்கப்பட்டது. 11 ஆண்டுகள் இங்கிலாந்தில் அரசர் இல்லை. இளைய சார்லஸை ஸ்காட்லாந்து மட்டும் அரசராக ஏற்று, 1651 ஜனவரி 1 அன்று முடிசூட்டியது. அதே ஆண்டில் போரில் தோற்று அவர் வெளிநாட்டுக்குத் தப்பினார். 1660இல் முடியாட்சி மீண்டும் வந்தது. மே 29 அன்று, தமது முப்பதாவது பிறந்தநாளில், அவர் லண்டனுக்குள் நுழைந்தார். இங்கிலாந்தில் முடிசூட்டு விழா 1661 ஏப்ரல் 23 அன்று நடந்தது. 1685 பிப்ரவரி 6 அன்று இறந்தார்.

தந்தை இறந்த கணத்திலேயே மகன் அரசராகிவிட்டார் என்பது 1660இல் ஏற்கப்பட்ட கொள்கை. அதனால் அவர் திரும்பிவந்த ஆண்டு, அரசு ஆவணங்களில் ஆட்சியின் முதல் ஆண்டாக எழுதப்படவில்லை, பன்னிரண்டாம் ஆண்டாகவே எழுதப்பட்டது. அந்த ஆண்டில் இயற்றப்பட்ட சட்டங்களின் தலைப்பிலும் பன்னிரண்டாம் ஆண்டு என்றே இருக்கும். சட்ட நூலைப் பார்ப்பவருக்கு அவர் ஆட்சி 36 ஆண்டுகள். அரசியல் வரலாற்றைப் படிப்பவருக்கு 1660 முதல் 1685 வரை, 25 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. லண்டன் முடிசூட்டு விழாவிலிருந்து எண்ணினால் 24 ஆண்டுகளுக்கும் குறைவு.

அக்காலத்து ஆங்கிலேயர் புத்தாண்டை மார்ச் 25 அன்று தொடங்கினர். ஆகவே தந்தை இறந்த ஜனவரி மாதம் அவர்கள் ஆவணங்களில் 1648ஐச் சேர்ந்தது. பழைய நூல் ஒன்றில் 1648 என்று பார்த்து, புதிய நூல் ஒன்றில் 1649 என்று பார்ப்பவர் இரண்டு வேறு நிகழ்வுகள் என்று நினைக்க வேண்டியதில்லை. நாள் ஒன்றுதான், ஆண்டின் தொடக்கம்தான் வேறு.

இந்தக் கதையில் தெரியும் முக்கியமான செய்தி இது: சட்டப்படி அரசர், நடைமுறையில் அரசர் என்ற இரண்டும் வேறு வேறு. நாடு திரும்பும் அரசர், தாம் இல்லாத காலத்தையும் தம் ஆட்சியாகவே எண்ணச் செய்வது வழக்கம். இல்லையென்றால் இடையில் ஆண்டவர்களை முறையான ஆட்சியாளர்கள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆட்சியாண்டுக் கணக்கு அங்கே உரிமையைப் பற்றிய ஓர் அறிவிப்பு. வரலாற்றாசிரியர் அந்த அறிவிப்பைப் பதிவுசெய்யலாம். அதை ஏற்றே ஆக வேண்டும் என்பதில்லை.

முடிசூட்டு விழா: தாமதமானால் என்ன ஆகும்?

தந்தை இறந்த நாளும் மகன் முடிசூடிய நாளும் அருகருகே இருந்தால் கணக்கில் சிக்கல் வராது. இரண்டுக்கும் இடையே ஆண்டுகள் கழிந்தால் சிக்கல் பெரிதாகும். அசோகர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தந்தை பிந்துசாரர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்தே அசோகர் பட்டம் ஏற்றார் என்று இலங்கையின் பாலி வரலாற்று நூலான மகாவம்சம் சொல்கிறது. சகோதரர்களோடு நடந்த அரியணைப் போட்டி அந்த இடைவெளிக்குக் காரணம் என்பது அதன் செய்தி.

அசோகரின் கல்வெட்டுகள் எல்லாக் காலத்தையும் பட்டம் ஏற்ற நாளிலிருந்தே எண்ணுகின்றன. கலிங்கப் போர் நடந்தது பட்டம் ஏற்று எட்டு ஆண்டுகள் ஆனபோது என்கிறது அவருடைய பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு. அதே கல்வெட்டில் அவர் காலத்துக் கிரேக்க அரசர்கள் ஐந்து பேரின் பெயர்கள் வருகின்றன. அவர்களுடைய காலம் மேற்குலக வரலாற்றிலிருந்து தெரிவதால், அசோகர் பட்டம் ஏற்றது கி.மு. 269 அல்லது 268 அளவில் என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். மகாவம்சம் சொல்லும் நான்கு ஆண்டுகளை அதற்கு முன்னால் சேர்த்தால் கி.மு. 273 அல்லது 272 வரும். இதனால் சில நூல்களில் அசோகர் ஆட்சி கி.மு. 273–232 என்று இருக்கிறது, சிலவற்றில் 268–232 என்று இருக்கிறது. முதல் கணக்கில் 41 ஆண்டுகள், இரண்டாவதில் 36.

ஆட்சி முடிந்த ஆண்டிலும் இதன் பாதிப்பு உண்டு. அசோகரின் கல்வெட்டுகளில் காணப்படும் கடைசி ஆட்சியாண்டு 27. அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள் ஆண்டார் என்பது நூல்களிலிருந்துதான் தெரிய வேண்டும். புராணங்கள் 36 என்கின்றன. மகாவம்சம் 37 என்கிறது. இந்த 37 பட்டம் ஏற்றதிலிருந்து எண்ணியதா, தந்தை இறந்ததிலிருந்து எண்ணியதா என்று கேட்டால் முடிவு ஆண்டு நான்கு ஆண்டுகள் முன்பின்னாகும்.

இந்த இரண்டு கணக்குகளையும் கலந்துவிடுவதே வழக்கமாக நேரும் பிழை. ஆட்சி கி.மு. 273இல் தொடங்கியது என்று ஒரு நூலிலிருந்து எடுத்துக்கொண்டு, கலிங்கப் போர் ஆட்சியின் எட்டு ஆண்டுகள் கழித்து என்று கல்வெட்டிலிருந்து எடுத்துக்கொண்டால், போர் 265இல் நடந்ததாக வரும். கல்வெட்டு எண்ணுவது பட்டம் ஏற்றதிலிருந்து என்பதால் சரியான கணக்கு 261 அல்லது 260. ஒரு நூலின் தொடக்க ஆண்டோடு வேறொரு நூலின் ஆட்சியாண்டைக் கூட்டக் கூடாது என்பதற்கு இது நல்ல பாடம்.

ஔரங்கசீப்: இரண்டு விழாக்கள், இரண்டு நாட்காட்டிகள்

ஔரங்கசீப்பின் கதையில் முடிசூட்டு விழாவே இரண்டு முறை நடந்தது. 1658 ஜூனில் சமூகர் போரில் அண்ணன் தாராவைத் தோற்கடித்து, ஆக்ரா கோட்டையில் தந்தை ஷாஜகானைச் சிறைவைத்தார். தாராவைத் துரத்திச் செல்லும் வழியில், ஜூலை 31 அன்று, டெல்லிக்கு வெளியே ஒரு தோட்டத்தில் அவசரமாக அரியணை ஏறினார். ஆனால் பேரரசருக்குரிய இரண்டு அடையாளங்கள் அப்போது ஒத்திவைக்கப்பட்டன. ஒன்று குத்பா, அதாவது வெள்ளிக்கிழமைத் தொழுகை உரையில் அரசரின் பெயரைச் சொல்வது. மற்றொன்று அவர் பெயரில் நாணயம் வெளியிடுவது. சகோதரர்கள் ஷுஜாவும் தாராவும் இன்னும் களத்தில் இருந்தார்கள். இருவரையும் தோற்கடித்த பிறகு, 1659 ஜூன் 15 அன்று, டெல்லியில் இரண்டாவது விழா பெரும் சிறப்போடு நடந்தது. குத்பாவும் நாணயமும் அப்போதுதான் அவர் பெயரில் வந்தன.

இந்த இரண்டு நாட்களும் அரசவைக் கணக்கின் தொடக்கம் ஆகவில்லை. ஆட்சியாண்டுகள் ஹிஜ்ரி 1068 ரமலான் முதல் நாளிலிருந்து எண்ணப்பட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. அது சமூகர் போர் நடந்த அதே மாதத்தின் முதல் நாள். இரண்டு விழாக்களுக்கும் முந்தைய நாள் அது. ஆண்டுதோறும் ஆட்சியாண்டு ரமலானில் தொடங்குவதற்காகத் தொடக்கத்தையே பின்னோக்கி நகர்த்திக்கொண்டார்கள்.

அவர் இறந்தது 1707 மார்ச் 3, ஹிஜ்ரி கணக்கில் 1118 துல்கஅதா 28. ஹிஜ்ரி ஆண்டு சந்திரனை வைத்து எண்ணுவது. அதில் ஏறத்தாழ 354 நாட்கள், நாம் பயன்படுத்தும் சூரிய ஆண்டைவிட 11 நாட்கள் குறைவு. 33 சூரிய ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய 34 ஹிஜ்ரி ஆண்டுகள் முடிந்துவிடும். அரசவைக் கணக்குப்படி ஔரங்கசீப் ஆட்சி 50 ஆண்டுகளைக் கடந்து 51ஆம் ஆண்டில் மூன்று மாதம் ஓடியிருந்தது. முதல் விழாவிலிருந்து சூரிய ஆண்டுகளில் எண்ணினால் 48 ஆண்டு 7 மாதம். இரண்டாவது விழாவிலிருந்து 47 ஆண்டு 8 மாதம். 1707இலிருந்து 1658ஐக் கழித்தால் 49. ஆகவே 47 முதல் 51 வரை எந்த எண்ணை ஒரு நூல் தந்தாலும் அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு நாட்காட்டியும் காரணமாக இருக்கும்.

அக்பர் கணக்கிலும் இதே நாட்காட்டி வேறுபாடு உண்டு. ஹுமாயூன் இறந்த செய்தி சில நாட்கள் மறைக்கப்பட்டது. பேரரசர் உயிரோடு இருப்பதாகக் காட்ட அவரைப் போல உடுத்திய ஒருவரை மக்கள் முன் நிறுத்தினார்கள் என்று அப்போது டெல்லியில் இருந்த துருக்கியக் கடற்படைத் தளபதி சிதி அலி ரெய்ஸ் எழுதியிருக்கிறார். பஞ்சாபில் கலானூர் என்ற ஊரில் 1556 பிப்ரவரி 14 அன்று அக்பர் அரியணை ஏறினார். பிற்காலத்தில் அவர் இலாஹி என்ற சூரிய ஆண்டுமுறையைக் கொண்டுவந்தபோது, ஆட்சியின் முதல் ஆண்டு அரியணை ஏறிய நாளிலிருந்து எண்ணப்படவில்லை. அதையடுத்து வந்த பாரசீகப் புத்தாண்டான 1556 மார்ச் 11 முதல் எண்ணப்பட்டது. 1605 அக்டோபரில் அவர் இறந்தபோது சூரியக் கணக்கில் 49 ஆண்டுகளும் எட்டு மாதமும் ஆகியிருந்தன. ஹிஜ்ரி கணக்கில் 51 ஆண்டுகள் முடிந்திருந்தன.

தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்டால்

ஆட்சிகளுக்கிடையே இடைவெளி விழுவது போலவே, ஒன்றின் மேல் ஒன்று படிவதும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் இது தெளிவாகத் தெரியும். முதலாம் ராஜராஜன் 985இல் ஆட்சிக்கு வந்தார். அவருடைய கல்வெட்டுகள் 29ஆம் ஆட்சியாண்டு வரை, அதாவது 1014 வரை கிடைக்கின்றன. மகன் முதலாம் ராஜேந்திரன் தம் ஆட்சியாண்டை 1014இலிருந்து எண்ணவில்லை. தந்தை உயிரோடு இருக்கும்போதே ஆட்சியில் பங்கு பெற்ற 1012இலிருந்து எண்ணுகிறார். அவருடைய மகன் முதலாம் ராஜாதிராஜன் 1018இல் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கினார். 1044இல் ராஜேந்திரன் இறந்த பிறகும் ராஜாதிராஜனின் கல்வெட்டுகள் புதிதாக ஒன்றிலிருந்து எண்ணவில்லை. 1018இல் தொடங்கிய எண்ணிக்கையையே தொடர்கின்றன. அவர் 1054இல் கொப்பம் போரில் இறந்தார்.

ஆகவே ராஜாதிராஜன் ஆட்சி 36 ஆண்டுகள் என்று சொல்லும் நூலும், 10 ஆண்டுகள் என்று சொல்லும் நூலும் முரண்படவில்லை. முதல் நூல் கல்வெட்டின் ஆண்டை அப்படியே தருகிறது. இரண்டாவது நூல் அவர் தனியாக ஆண்ட காலத்தை மட்டும் தருகிறது. ஆனால் கல்வெட்டு ஆண்டுகளைக் கூட்டி மரபின் காலத்தைக் கணக்கிட முடியாது. மூவரின் 29, 33, 36 ஆகியவற்றைக் கூட்டினால் 98 வரும். 985 முதல் 1054 வரை உண்மையில் கழிந்தவை 69 ஆண்டுகள்தான்.

கல்வெட்டில் வரும் எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. யாண்டு 29ஆவது என்றால் 29 ஆண்டுகள் முடிந்தன என்று பொருளில்லை. 28 முடிந்து 29ஆவது நடக்கிறது என்பதே பொருள். இரண்டாம் சார்லஸ் 37ஆம் ஆட்சியாண்டில் இறந்தார் என்பதும் 36 ஆண்டுகள் ஆண்டார் என்பதும் ஒன்றே. நடப்பு ஆண்டை முடிந்த ஆண்டாக எடுத்துக்கொண்டால் ஒவ்வோர் அரசருக்கும் ஓர் ஆண்டு கூடும். பத்து அரசர்கள் கொண்ட பட்டியலில் அந்தப் பிழை பத்து ஆண்டுகளாகப் பெருகிவிடும்.

வாசகர் சரிபார்ப்பது எப்படி?

ஒரு பட்டியல் ஒரே முறையில் எண்ணப்பட்டதா என்று அறிய எளிய வழி இருக்கிறது. எல்லா ஆட்சிக்காலங்களையும் கூட்டி, முதல் அரசரின் தொடக்கத்துக்கும் கடைசி அரசரின் முடிவுக்கும் இடைப்பட்ட காலத்தோடு ஒப்பிட வேண்டும். பாபர் பானிபட்டில் வென்ற 1526 முதல் ஔரங்கசீப் இறந்த 1707 வரை 181 ஆண்டுகள். பாபர் 4, ஹுமாயூன் 10, சூர் மரபு 15, ஹுமாயூன் மீண்டும் 1, அக்பர் 49, ஜஹாங்கீர் 22, ஷாஜகான் 30, ஔரங்கசீப் 49 என்று கூட்டினால் 180 வரும்.

குறையும் அந்த ஓர் ஆண்டும் பிழை அல்ல. ஜஹாங்கீர் 1627இன் பிற்பகுதியில் இறந்தபோது ஷாஜகான் தக்காணத்தில் இருந்தார். அவர் வந்துசேரும் வரை இடம் காலியாகாமல் இருக்க, ஆசப் கான் லாகூரில் தாவர் பக்ஷ் என்ற இளவரசரைப் பெயருக்கு அரியணையில் அமர்த்தினார். ஷாஜகான் ஆக்ராவில் முடிசூடியது 1628 பிப்ரவரியில். சில மாத இடைவெளிதான் என்றாலும், ஆண்டு மாறும் நேரத்தில் வந்ததால் கழித்தலில் ஓர் ஆண்டாகத் தெரிகிறது. சில நூல்கள் ஷாஜகானின் ஆட்சியை 1627 என்றே தொடங்கி இந்த இடைவெளியை மூடிவிடுகின்றன. அவற்றில் அவர் ஆட்சி 31 ஆண்டுகள். அவர் இறந்த 1666 வரை எந்த நூலும் ஆட்சியை நீட்டுவதில்லை. கடைசி எட்டு ஆண்டுகள் அவர் மகனின் கைதியாக இருந்தார் என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

கூட்டுத்தொகை உண்மையான இடைவெளியைவிட அதிகமாக வந்தால் மூன்று காரணங்களில் ஒன்றைத் தேட வேண்டும். நாடிழந்து இருந்த காலம் இருவர் கணக்கில் ஏறியிருக்கும், இல்லையெனில் தந்தையும் மகனும் சேர்ந்து ஆண்ட காலம் இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கும், அதுவும் இல்லையெனில் ஹிஜ்ரி ஆண்டுகளைச் சூரிய ஆண்டுகளாக எடுத்திருப்பார்கள். மேலே உள்ள பட்டியலில் ஹுமாயூனுக்கு 26 என்று எழுதினால் மொத்தம் 195 ஆகிவிடும். பிழை எங்கே என்று உடனே தெரிந்துவிடும். கூட்டுத்தொகை குறைந்தால், ஒருவர் இறந்து அடுத்தவர் முடிசூடும் வரையிலான காலம் யார் கணக்கிலும் சேராமல் விடப்பட்டிருக்கும்.

தேதிகளிலும் சிறிய வேறுபாடு இருக்கும். ஔரங்கசீப்பின் முதல் அரியணை ஏற்றத்தைப் பழைய ஆங்கில நூல்கள் 1658 ஜூலை 21 என்று எழுதுகின்றன. அவை இங்கிலாந்தில் அப்போது வழங்கிய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியவை. இன்றைய கிரிகோரியன் நாட்காட்டியில் அதே நாள் ஜூலை 31. இறந்த நாளும் அப்படியே பிப்ரவரி 20 என்றும் மார்ச் 3 என்றும் இரண்டு விதமாக வருகிறது. தொடக்கத்தை ஒரு நாட்காட்டியிலும் முடிவை மற்றொன்றிலும் எடுத்துக்கொள்ளாதவரை இதனால் ஆண்டுக் கணக்கு கெடாது.

ஆட்சிக்காலத்தை எழுதும் நூல் மொத்த எண்ணை மட்டும் தந்தால் போதாது. 1530–40, 1555–56 என்று பகுதி பகுதியாக எழுதினால் இடைவெளி தானே தெரியும். 1012 முதல் இணையரசர், 1014 முதல் தனியரசர் என்று எழுதினால் மேலோட்டமான முரண்பாடு மறைந்துவிடும். அப்படி எழுதாத நூலில் ஓர் எண்ணைக் காணும் வாசகர், அது எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தொடக்க நாளும் முடிவு நாளும் இல்லாத ஆட்சிக்காலத்தை வேறு நூலோடு ஒப்பிடவும் முடியாது, சரிபார்க்கவும் முடியாது.